ராஜபாைளயம் எங்க இருக்கு, மக்களே?

தலைப்பில் எழுத்துப் பிழை இல்லை மக்களே. வேணும்னேதான் அப்படி விட்டிருக்கேன். உங்க திரையில் "பா"வுக்கும் "ள"வுக்கும் நடுவுல ஒரு புள்ளி வட்டம் தெரியும், அதுக்கு இடது பக்கம் ஒரு "ை" ஒட்டிட்டு நிக்கும். எங்க ஊருக்கு ஒரு மணி நேரம் இந்தக் கதிதான் ஆச்சு. ஊருக்கு மட்டும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும்தான்.

கொசுவர்த்தி சுத்திக்கோங்க. எங்க கிளாஸ்ல நாலு பேர் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பத்தி ஒரு குட்டி ஆவணப்படம் எடுத்தோம். நான் ராஜபாளையம், மத்தவங்க ஸ்ரீவில்லிபுத்தூர். பேச்சு எல்லாம் தமிழ், சப்டைட்டிலும் தமிழ். "தமிழ்ப் படத்துக்கு எதுக்குடா தமிழ் சப்டைட்டில்?"னு கேக்குற ஆளுங்களுக்கு ஒரே பதில். எடிட்டிங் பண்ணின நண்பனோட அத்தைக்குக் காது கேக்காது. தேர்னா அவங்களுக்கு உயிர். படம் முடிஞ்சதும் முதல்ல பாக்கப்போற ஆள் அவங்கதான்.

பாத்தாங்க. ஏழாவது சப்டைட்டில் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "மேற்குத் தொடர்ச்சி எத்தனை மைலுப்பா? நம்பரைக் காணோமே?"ன்னு கேட்டாங்க. திரையில இருந்தது இதுதான்:

```
7
00:01:12,000 --> 00:01:15,500
ராஜபாைளயம் பக்கம் ேமற்குத் ெதாடர்ச்சி மைல
```

"மலை" "மைல" ஆயிடுச்சு. அத்தை அதை "மைல்"னு படிச்சாங்க. தப்பு அவங்க மேல இல்லை.

அதுக்கப்புறம் கூடின பஞ்சாயத்துல எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னாங்க: "ஃபான்ட் பிராப்ளம்." நண்பன் சொன்னான், பக்கத்து டிடிபி கடை அண்ணன் சொன்னார், சீனியர் ஒருத்தர் சொன்னார். இந்தப் பதிவு அந்த ரெண்டு வார்த்தைக்கு எதிரா எழுதுறது. இது ஃபான்ட் பிராப்ளம் இல்லை. ஃபான்ட்டை நூறு தடவை மாத்தினாலும் "மைல" "மலை" ஆகாது. தப்பு எழுத்தோட உருவத்துல இல்லை, வரிசையில இருக்கு. அதைவிடப் பெரிய கொடுமை, அந்த வரிசையைக் கெடுத்ததே நாங்கதான். "சரி பண்றோம்"னு சொல்லிக் கெடுத்தோம்.

எப்படிக் கெடுத்தோம்?

யூனிகோட்ல "கெ" எழுதும்போது உள்ள முதல்ல "க", அப்புறம் "ெ". நாம வாயால சொல்ற வரிசை அது, க் பிறகு எ. கொம்பை இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்துறது திரையில வரையிற மென்பொருளோட வேலை. தமிழ் டைப்ரைட்டர்ல இது தலைகீழ். அங்க காகிதத்துல எது முதல்ல விழணுமோ அதைத்தான் முதல்ல தட்டணும், அதனால கொம்பு முதல்ல. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுகளும் டைப்ரைட்டர் வழியிலேயே போச்சு. ஒண்ணு ஒலி வரிசை, இன்னொண்ணு கண் வரிசை. மொத்தப் பிரச்சினையும் இந்த ரெண்டும் கலக்குறதுலதான் இருக்கு.

எங்க படத்துக்கு வசனம் ரெண்டு இடத்துல இருந்து வந்துச்சு. பாதி நான் யூனிகோட்ல அடிச்சது. மீதி தல வரலாறு பத்தின ஒரு பிடிஎஃப்ல இருந்து காப்பி அடிச்சு ஒட்டினது. பிடிஎஃப்னா என்ன? எந்த உருவம் பக்கத்துல எங்க நிக்கணும்னு சொல்ற வரைபடம். அதைத் திரும்ப எழுத்தா மாத்துற குறிப்பு சரியா இல்லைன்னா, காப்பி பண்ணும்போது வரைஞ்ச வரிசையே வரும். "கோயில்" காப்பி ஆகும்போது "ேகாயில்" ஆகுறது இப்படித்தான். யூனிகோட் ஃபான்ட்ல செஞ்ச பிடிஎஃப்பா இருந்தாலும் இது நடக்கும்.

இப்போ காமெடி. நண்பன் வச்சிருந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் பழைய பதிப்பு. இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாது. உள்ள என்ன வரிசையில இருக்கோ அப்படியே இடமிருந்து வலமா அடுக்கும். அதுல நான் சரியா அடிச்ச "கெ" கொம்பு வலது பக்கம் போய் அசிங்கமா தெரிஞ்சுது. பிடிஎஃப்ல இருந்து வந்த தப்பான எழுத்து அழகா தெரிஞ்சுது! ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. நண்பன் என்ன முடிவுக்கு வருவான்? "உன் டைப்பிங்தான் தப்பு"ன்னு சொல்லிட்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து என்னோட வரி ஒவ்வொண்ணுலயும் கொம்பை வெட்டி எழுத்துக்கு முன்னால ஒட்டியிருக்கான். "கு", "மு" எல்லாம் வால் தனியா அறுந்து நின்னதை மட்டும் யாரும் கண்டுக்கல. அதுதான் சாஃப்ட்வேர் மேல சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம். வரிசை தப்பா இருந்தா "கு"வுக்கு ஒண்ணும் ஆகாது. "கு"வும் சேர்ந்து உடைஞ்சா வரையுற மென்பொருள்தான் குற்றவாளி.

படத்துக்குள்ள அச்சடிச்ச தலைப்புகள் தப்பிச்சுது. ஆனா சப்டைட்டில் தனிக் கோப்பு. அத்தை பார்த்தது போன்ல. போனுக்குத் தமிழ் வரையத் தெரியும். தப்பான வரிசையை அது நேர்மையா தப்பாவே காட்டிடுச்சு.

அதனால முதல் சட்டம்: திரையில சரியாத் தெரியணும்னு எழுத்தைத் தப்பா அடிக்காதீங்க. அது மருந்து இல்லை, நோயை அடுத்த கம்ப்யூட்டருக்கு அனுப்புறது.

நோய் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வரியைக் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. அங்க சரியாத் தெரிஞ்சா எழுத்து நல்லா இருக்கு, அதைத் தொடவே தொடாதீங்க. மாத்த வேண்டியது எடிட்டிங் மென்பொருளோட செட்டிங். பிரீமியர்ல கிராஃபிக்ஸ் விருப்பங்களுக்குள்ள `South Asian and Middle Eastern`னு ஒண்ணு இருக்கும். இன்டிசைன்ல பத்திப் பலகையோட மெனுவுல `Adobe World-Ready Paragraph Composer`. பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், `South Asian`, `World-Ready` இந்த ரெண்டு பேர்ல ஒண்ணைத் தேடினா சிக்கிடும். அதுவே இல்லாத அளவுக்குப் பழைய பதிப்புன்னா அதுல தமிழ் போடாதீங்க, அவ்வளவுதான்.

நோட்பேட்லயும் தப்பாத் தெரிஞ்சா எழுத்தே கெட்டிருக்கு. சந்தேகமா இருந்தா பேக்ஸ்பேஸ் சோதனை. "மலை"க்குப் பின்னாடி கர்சரை வச்சு ஒரு தட்டு. "மல" மிஞ்சினா நல்ல எழுத்து. "மை" மிஞ்சினா அது "மைல". கண்ணை ஏமாத்தலாம், பேக்ஸ்பேஸை ஏமாத்த முடியாது :-)

"எல்லாத்தையும் மாத்து" பொத்தானை நம்பாதீங்க

சரி, கெட்டுப்போச்சு. திருத்தணும். இங்கதான் ரெண்டாவது கூட்டம் வரும்: "ரொம்ப ஈஸி. ெ, ே, ை வந்தா அதை அடுத்த எழுத்துக்குப் பின்னால தள்ளிடு. ஒரே ரீப்ளேஸ்." நானும் முதல்ல அதைத்தான் பண்ணினேன். என்ன ஆச்சு தெரியுமா? கெட்டுப்போன "ராஜபாைளயம்" அழகா "ராஜபாளையம்" ஆச்சு. நண்பன் கை படாம நல்லா இருந்த இன்னொரு "ராஜபாளையம்", "ராஜபாளயைம்" ஆச்சு! ஏன்னா நல்ல எழுத்துலயும் "ை"க்கு அடுத்து "ய" இருக்கே. குருட்டு ரீப்ளேஸுக்கு எது நல்லது எது கெட்டதுன்னு தெரியாது. மலையடிவாரம் மலயைடிவாரம் ஆகும். இதுல புள்ளி வட்டம்கூட வராது, பார்வைக்கு ஒழுங்கான தமிழ் எழுத்து மாதிரியே இருக்கும். முன்னாடி இருந்ததைவிட மோசம்.

அப்போ கெட்டதை எப்படி அடையாளம் காணுறது? தமிழ்ல ெ, ே, ை மூணுக்கும் முன்னால ஒரு மெய்யெழுத்து உரு, அதாவது க முதல் ஹ வரைக்கும் ஏதாவது ஒண்ணு, கட்டாயம் இருக்கணும். வார்த்தை ஆரம்பத்துல கொம்பு வந்தாலோ, புள்ளிக்குப் பின்னால வந்தாலோ, "ா"வுக்குப் பின்னால வந்தாலோ அந்த வரி கண் வரிசையில இருக்குன்னு அர்த்தம். "ேமற்கு" சாட்சி, "பால்ேகாவா" சாட்சி, "ராஜபாைளயம்" சாட்சி. புள்ளி வட்டம் வர்ற இடங்களும் இதேதான். சாட்சி இருக்கிற வரியை மட்டும் திருப்பினா போதும். பைத்தான்ல இவ்வளவுதான்:

```python
import re, unicodedata
kombu = "[\u0BC6-\u0BC8]"
mei = "(\u0B95\u0BCD\u0BB7|[\u0B95-\u0BB9])"
out = []
for vari in open("ther.srt", encoding="utf-8-sig"):
    if re.search("(?<![\u0B95-\u0BB9])" + kombu, vari):
        vari = re.sub("(" + kombu + ")" + mei, r"\2\1", vari)
    out.append(unicodedata.normalize("NFC", vari))
open("ther_new.srt", "w", encoding="utf-8").writelines(out)
```

மூணாவது வரியில முதல்ல நிக்கிறது "க்ஷ". அதைத் தனியாச் சொல்லலைன்னா "க்ஷேத்திரம்" கெட்டுப்போகும். கொம்பு "க"வுக்கும் புள்ளிக்கும் நடுவுல போய் மாட்டிக்கும். கோயில் படத்துல அந்த வார்த்தை வராம இருக்குமா! கடைசியில `NFC`னு இருக்கிறது "கொ"வுக்காக. திருப்பினதும் "க", "ெ", "ா"ன்னு மூணு துண்டா நிக்கும். பார்க்க "கொ"தான், ஆனா "ொ" ஒரே குறியா அடிச்ச "கொ"வைத் தேடினா பல மென்பொருள்கள்ல இது சிக்காது. `NFC` ரெண்டு துண்டையும் ஒட்டி ஒரே குறியாக்கும்.

இன்னொரு லாபம், இதை ரெண்டாவது தடவை ஓட்டினாலும் சேதம் இல்லை. திருந்தின வரியில சாட்சி இருக்காது, அதனால தொடாது. குருட்டு ரீப்ளேஸை ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க, அழுவீங்க.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு, மறைக்க மாட்டேன். "மைல உயரம் அதிகம்"னு ஒரு வரி தனியா இருந்தா அதுல சாட்சியே இல்லை. "ம"வுக்குப் பின்னால "ை" வரலாம்தானே. கலை "கைல" ஆகும், கதை "கைத" ஆகும், நடை "நைட" ஆகும். அதனால சாட்சி இல்லாத, ஆனா கொம்போ "ை"யோ இருக்கிற வரிகளை மட்டும் தனியா எடுத்துக் கண்ணால படிக்கணும். அதே மாதிரி, ஒரே வரியில பாதி நல்லதும் பாதி கெட்டதும் கலந்திருந்தா இந்த நிரல் நல்ல பாதியைக் கெடுக்கும். அதையும் கையாலதான் பார்க்கணும். எங்க படத்துல அப்படி உக்காந்து படிச்சதுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆச்சு. நண்பன் ராத்திரி முழுக்கக் கெடுத்ததோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை.

வௌ்ளமும் அவாளும்

கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்தா தனியா ரெண்டு வியாதி வரும். ஒண்ணு "ௌ". அதோட வலது பாதி பார்க்க "ள" மாதிரியே இருக்கும். அதனால மென்பொருள் "வெள்ளம்"ல இருக்கிற "ெள"வை ஔகாரம்னு நினைச்சு "வௌ்ளம்" ஆக்கிடும். "தெளிவு" "தௌிவு" ஆகும். இணையத்துல "வௌியீடு"ன்னு எத்தனை இடத்துல பார்த்திருப்பீங்க! திருத்தம் சுலபம்: "ௌ"வுக்குப் பின்னால இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே முடியாது. வந்தா அது "ெள"தான்.

இன்னொண்ணு "அவா்கள்". உத்துப் பாருங்க, அது "ர்" இல்லை, துணைக்கால் "ா" மேல புள்ளி வச்சது. பழைய எழுத்துருக்கள்ல "ர்", "ரி" ரெண்டுக்கும் காலை இழுக்காம துணைக்கால் உருவத்தையே பயன்படுத்தின வழக்கம். அது யூனிகோடுக்கு மாறும்போது துணைக்காலாவே வந்துடுச்சு. "ா"வுக்குப் பின்னால புள்ளி, "ி", "ீ" வந்தா அது "ர"ன்னு மாத்தலாம். இது ரெண்டும் தமிழ்ல நடக்கவே முடியாத சேர்க்கை, அதனால இங்க மட்டும் "எல்லாத்தையும் மாத்து" பொத்தானைத் தைரியமா அழுத்தலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க சிரிக்காதீங்க

"எங்க ஊர்ப் பேர்ல கொம்பும் இல்லை, ஐயும் இல்லை, தப்பிச்சோம்"னு நண்பர்கள் சிரிச்சாங்க. அவங்களுக்கு ஆப்பு "ஸ்ரீ"யில இருந்தது. இது ரெண்டு விதமா எழுதப்படுது. ஒண்ணு "ஸ"வில ஆரம்பிச்சு, இன்னொண்ணு "ஶ"வில ஆரம்பிச்சு. இந்த "ஶ" யூனிகோடுக்குள்ள வந்ததே 2005ல, 4.1 பதிப்புல. அதுக்கு முன்னாடி எல்லாரும் "ஸ"வை வச்சே ஒப்பேத்தினாங்க. இன்னிக்கு ரெண்டுமே புழக்கத்துல இருக்கு, பல ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவமாத்தான் தெரியும். எங்க சப்டைட்டில்ல ரெண்டும் கலந்து கிடந்துச்சு. ஊர்ப் பேரைத் தேடினா பாதி இடம்தான் சிக்குச்சு. `NFC` இதைத் தொடாது, அதுக்கு இது ரெண்டும் வேற வேற எழுத்து. பேக்ஸ்பேஸ்ல ஒவ்வொண்ணா அழிச்சுட்டே வந்தா கடைசியா மிஞ்சுறது "ஸ"வா "ஶ"வான்னு தெரியும். ஒண்ணை முடிவு பண்ணி, கோப்பு முழுக்க அதையே வைங்க. நாங்க பெரும்பாலானவங்க அடிக்கிற "ஸ"வை வச்சோம்.

கடை அண்ணனுக்கு ஒரு பதில்

டிடிபி கடை அண்ணன் சொன்ன யோசனை: "எதுக்குத் தம்பி இவ்வளவு? பாமினிக்கு மாத்திடு, எந்த சாஃப்ட்வேர்லயும் உடையாது." அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. தேர் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கணும்னா பாமினி போதும். அச்சடிச்சதை யாரும் தேடப் போறதில்லை, காப்பி பண்ணப் போறதில்லை.

ஆனா எஸ்ஆர்டி கோப்புக்குள்ள பாமினியைக் கூட அனுப்பி வைக்க வழியே கிடையாது. அதுல இருக்கிறது எண், நேரம், எழுத்து. பார்க்கிறவரோட போன்ல என்ன ஃபான்ட் இருக்கோ அதுலதான் தெரியும். பாமினியில "வணக்கம்"னு அடிச்சா உள்ள இருக்கிறது `tzf;fk;`. அத்தையோட போன்ல அதுதான் வரும். "மைல"யாவது பரவாயில்லை, ஒரு கேள்வி கேக்க முடிஞ்சுது. `tzf;fk;` பாத்து என்ன கேப்பாங்க?

டைப்ரைட்டர் பழகின விரலை மாத்த முடியாதுன்னு இன்னொரு காரணம் சொல்றாங்க. மாத்த வேண்டாம். கொம்பை முதல்ல தட்டினாலும் உள்ள சரியான யூனிகோட் வரிசையில சேமிக்கிற விசைப்பலகை மென்பொருள்கள் இருக்கு. விரல் பழைய வழியில போகட்டும், கோப்பு ஒழுங்கா இருந்தா போதும்.

எங்க படத்தோட எட்டாம் பதிப்பு சப்டைட்டில் இப்போ சுத்தம். அத்தை மறுபடி பார்த்தாங்க. இந்தத் தடவை எங்கயும் நிறுத்தலை. தேர் நிலைக்கு வந்ததும் மட்டும், "இந்த இடத்துல சத்தம் எப்படி இருக்கும்னு எழுதலையே?"ன்னு கேட்டாங்க. ஒன்பதாம் பதிப்பு ஓடிட்டிருக்கு.

பி.கு.: பின்னூட்டத்துல "ஃபான்ட் பிராப்ளம்"னு எழுதுறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்தத் தலைப்பைக் காப்பி பண்ணி, உங்களுக்குப் பிடிச்ச பத்து யூனிகோட் ஃபான்ட்ல போட்டுப் பாருங்க. எதுலயாவது அது எங்க ஊரா மாறினா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ என் செலவு.